மறுபார்வை வேண்டும் மடலில் பணிவின் இடம்: நுண்கணித விடைத்தாள் ஒன்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நுண்கணித விடைத்தாளின் மதிப்பீட்டை மீண்டும் பார்க்குமாறு ஆசிரியரை வேண்டி மாணவர் எழுதும் மடலில் பணிவு எந்த மொழிக்கூறுகளில் தங்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விளியிலும் முடிப்பிலும் குவியும் மரியாதைச் சொற்களைக் காட்டிலும், வினைமுற்றின் தேர்வும் வேண்டுகோளின் செயப்படுபொருளும் பணிவைத் தீர்மானிக்கின்றன என்பது கட்டுரையின் கருதுகோள். ஒரே விடைத்தாள் குறித்து அமைக்கப்பட்ட இரண்டு மடல் வடிவங்கள் ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: விண்ணப்ப மடல், பணிவு, செயப்பாட்டுவினை, ஈ-தா-கொடு, தொகையீடு, மறுமதிப்பீடு

முன்னுரை

பள்ளி இலக்கணப் பயிற்சியில் விண்ணப்ப மடல் ஒரு சட்டகமாகவே கற்பிக்கப்படுகிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, உடல், இப்படிக்கு, இடம், நாள் என்னும் உறுப்புகள் வரிசை பிறழாமல் அமைந்தால் முழு மதிப்பெண் கிடைக்கும். மடலின் உடற்பகுதியில் வேண்டுகோளை எவ்வாறு சொல்வது என்பது அப்பயிற்சியில் ஏறத்தாழ இடம்பெறுவதே இல்லை. பேருந்து வசதி கேட்டு ஆணையருக்கு எழுதும் மடலில் இக்குறை பெரிதாகத் தெரிவதில்லை. ஆணையர் எழுதுபவரை அறியார், எழுதுபவரும் அவருடைய வேலையில் குறை கண்டு எழுதவில்லை. ஆசிரியரிடம் விடைத்தாளை மீண்டும் பார்க்குமாறு கேட்கும் மடல் வேறு வகையைச் சேர்ந்தது. மதிப்பெண் இட்டவரும் மடலைப் படிப்பவரும் முடிவு சொல்பவரும் அங்கே ஒருவரே. எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் 'தாங்கள் தவறியிருக்கிறீர்கள்' என்னும் கருத்தை அம்மடல் சுமந்தே செல்கிறது.

கல்லூரிப் பருவத்தேர்வுகளில் இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. அங்கே விண்ணப்பம் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்திற்குச் செல்கிறது. விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு எனப் படிவங்களும் கட்டணங்களும் உள்ளன. திருத்தியவர் யார் என்பதும் மாணவருக்குத் தெரியாது. மதிப்பிடப்பட்ட விடைத்தாளைத் தேர்வெழுதியவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பார்க்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உறுதிசெய்துள்ளது. படிவத்திற்குப் பணிவு தேவையில்லை. அகமதிப்பீட்டுத் தேர்விலோ வகுப்பாசிரியரே திருத்துகிறார், வகுப்பிலேயே தாளைத் திருப்பித் தருகிறார், மறுநாள் காலை அதே முகத்தோடு பாடம் நடத்துகிறார். ஆகவே இக்கட்டுரை அகமதிப்பீட்டுத் தேர்வு குறித்த மடலையே எடுத்துக்கொள்கிறது.

பணிவு பற்றிய மொழியியல் கோட்பாடுகளுள் பெரிதும் எடுத்தாளப்படும் பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோரின் நூல் 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் தனிநூலாகவும் வெளிவந்தது. அவர்கள் சான்று திரட்டிய மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றின் பேச்சுவழக்கு அதற்கு அடிப்படையாயிற்று. பிறர் தம்மைத் தடுக்கலாகாது என்னும் விருப்பும், பிறர் தம்மை மதிக்க வேண்டும் என்னும் விருப்பும் சேர்ந்ததே ஒருவரின் 'முகம்' என்பர் அவர்கள். முகம் கோணாமல், முகத்தை முறித்து, முகம் பார்த்து என்றெல்லாம் வழங்கும் மொழியினர்க்கு இக்கருத்து புதியதன்று. மறுபார்வை மடல் ஆசிரியரின் இரு விருப்புகளையும் ஒருசேரத் தொடுகிறது: அவருடைய நேரத்தைக் கேட்கிறது, அவருடைய திறனையும் ஐயுறுகிறது.

விடைத்தாள்

மடலின் மொழியை ஆராயுமுன் அது எதைப் பற்றியது என்பது தெளிவாக வேண்டும். ஆய்வின்பொருட்டு 50 மதிப்பெண்ணுக்குரிய இரண்டாம் அகமதிப்பீட்டுத் தேர்வு ஒன்று கொள்ளப்படுகிறது. ஒரு மதிப்பெண் வினாக்கள் பத்தில் மாணவி பெற்றது 8. ஐந்து மதிப்பெண் வினாக்கள் நான்கில் 11ஆம் வினாவுக்கு 4, 12ஆம் வினாவுக்கு 5, 13ஆம் வினாவுக்கு 1, 14ஆம் வினாவின் இரு பகுதிகளுக்கு இரண்டிரண்டாக 4. பத்து மதிப்பெண் வினாக்களில் 15ஆவதற்கு 7, 16ஆவதற்கு 5. இவற்றின் கூட்டுத்தொகை 34. தாளின் முகப்பில் இருப்பதோ 32. 14ஆம் வினாவின் (ஆ) பகுதி இடமின்மையால் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. அங்கு இடப்பட்ட 2 மதிப்பெண் முகப்புக்கு வந்து சேரவில்லை.

13ஆம் வினா ∫ sin x cos x dx என்பதன் மதிப்பைக் கேட்கிறது. விடைக்குறிப்பில் u = sin x எனப் பிரதியிட்டு (sin²x)/2 + C என்னும் விடை பெறப்பட்டுள்ளது. மாணவி u = cos x எனப் பிரதியிட்டு −(cos²x)/2 + C என எழுதியிருக்கிறாள். விடைக்குறிப்போடு ஒப்பிட்டுத் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்திவரும் கண்ணுக்கு இவ்விடையில் குறியும் மாறியிருக்கிறது, சார்பும் மாறியிருக்கிறது. பிரதியிடலுக்கு 1 மதிப்பெண் தந்து மீதியை அடித்துவிடுவது இயல்பாக நேரக்கூடியதே. ஆயினும் இரு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் (sin²x)/2 + (cos²x)/2, அதாவது 1/2 என்னும் மாறிலியே எஞ்சுகிறது. ஒரே சார்பின் எதிர்வகைக்கெழுக்கள் ஓர் இடைவெளியில் மாறிலியளவில் மட்டுமே வேறுபடலாம் ஆதலின் இரண்டும் சரியான விடைகள். ஐயம் தீர இரண்டு வழிகள் உண்டு. மாணவியின் விடையை வகையிட்டால் −(1/2) · 2 cos x · (−sin x), அதாவது sin x cos x வந்துவிடுகிறது. அன்றி 0 முதல் π/2 வரை எல்லைகளை இட்டால் விடைக்குறிப்பு 1/2 − 0 என்றும், மாணவியின் விடை 0 − (−1/2) என்றும் ஒரே 1/2 மதிப்பைத் தருகின்றன.

இவ்வாதத்தின் உயிர் அந்த C என்னும் எழுத்தில் இருக்கிறது. தொகையீட்டு மாறிலி இல்லாமல் −(cos²x)/2 என்று மட்டும் எழுதியிருந்தால் அதுவும் ஓர் எதிர்வகைக்கெழுதான். ஆனால் வினா கேட்ட பொதுவடிவம் அதுவன்று, மதிப்பெண் குறைவதில் நியாயம் உண்டு. இதே தாளின் 11ஆம் வினாவில் மாணவி இழந்த 1 மதிப்பெண், ∫ x eˣ dx என்பதற்கு விடை சரியாக எழுதியும் மாறிலியை விட்டதனால் இழந்ததே. மாறிலியின் பெயரால் 13ஆம் வினாவில் வாதிடுபவர் அதே மாறிலியின் பெயரால் 11ஆம் வினாவில் குறைந்த மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டியவராகிறார். மடலில் இது பயன்படப்போகிறது.

16ஆம் வினா மூன்றாவது வகை. f(x) = x³ − 6x² + 9x + 1 என்னும் சார்பின் பெருமம், சிறுமம் ஆகியவற்றைக் காணவேண்டும். வகைக்கெழு 3x² − 12x + 9. மாணவி அடுத்த வரிக்குச் செல்லும்போது 9ஐ விட்டுவிட்டு 3x² − 12x = 0 என எழுதி, x = 0, x = 4 என்னும் புள்ளிகளைப் பெற்றிருக்கிறாள். பிறகு இரண்டாம் வகைக்கெழு 6x − 12இல் அவற்றைப் பிரதியிட்டு, 0இல் குறை மதிப்பு ஆதலின் பெருமம், 4இல் நேர் மதிப்பு ஆதலின் சிறுமம் என முறைப்படி முடித்திருக்கிறாள். முதற்பிழையைத் தவிர வழிமுறை சரியானதே என்னும் அடிப்படையில் கூடுதல் மதிப்பெண் கேட்கலாம் என்று தோன்றும். ஆனால் அவள் கண்ட மதிப்புகளைப் பார்க்க வேண்டும்: பெருமம் f(0) = 1, சிறுமம் f(4) = 5. தொடர்ச்சியான ஒரு சார்பு பெருமத்திலிருந்து இறங்கி, இடையில் வேறு திருப்பம் இல்லாமல் சிறுமத்தை அடையும்போது, சிறுமம் பெருமத்தைவிட உயரமாக இருக்க முடியாது. உண்மையான விடையில் x = 1இல் பெருமம் 5, x = 3இல் சிறுமம் 1; எண்கள் அப்படியே தலைகீழாகியுள்ளன. எழுதிய கையே கவனித்திருக்க வேண்டிய முரண்பாடு இது. ஆசிரியர் இட்ட 5 மதிப்பெண்ணைக் குறைவென்று சொல்ல மாணவியிடம் வலுவான சான்று இல்லை.

ஆக, ஒரே தாளில் மூன்று தரத்தில் உரிமைகள் உள்ளன. கூட்டல் விடுபட்டது எவரும் எண்ணிப் பார்த்து அறியத்தக்க உண்மை. 13ஆம் வினா நிறுவத்தக்கதாயினும் ஆசிரியரின் ஏற்பு வேண்டுவது; வினாவிலேயே u = sin x எனப் பிரதியிடுமாறு கட்டளை இருந்திருந்தால் அவ்வுரிமையும் தளர்ந்திருக்கும். 16ஆம் வினா முழுக்க முழுக்க ஆசிரியரின் முடிவுக்கு உட்பட்டது. மடலின் மொழி இம்மூன்றையும் வேறுபடுத்துகிறதா என்பதே இனி வரும் வினா.

முதல் வடிவம்

பள்ளிச் சட்டகத்தில் பழகிய மாணவர் இத்தாளை முன்வைத்து எழுதக்கூடிய மடல் பின்வருமாறு அமையும்:

"பெருமதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, பணிவான வணக்கம். இரண்டாம் அகமதிப்பீட்டுத் தேர்வில் எனக்கு மதிப்பெண்கள் குறைக்கப்பட்டுள்ளன. 13ஆம் வினாவுக்கு நான் சரியாக எழுதியும் தவறு எனப் போடப்பட்டுள்ளது. 14ஆம் வினாவின் மதிப்பெண் கூட்டப்படவில்லை. 16ஆம் வினாவுக்கும் மிகக் குறைவாகவே வழங்கப்பட்டுள்ளது. இத்தேர்வுக்கு நான் மிகவும் உழைத்துப் படித்தேன். எனவே தயவுசெய்து என் விடைத்தாளை மீண்டும் திருத்தி மதிப்பெண்களைக் கூட்டித் தருமாறு தங்களை மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி."

மரியாதைச் சொற்களை எண்ணினால் இம்மடலில் குறையொன்றும் இல்லை. பெருமதிப்பும் பணிவும் பணிவன்பும் கீழ்ப்படிதலும் உள்ளன. ஆயினும் இதைப் படிக்கும் ஆசிரியரின் முகம் மாறும். மாற்றுவது எது?

முதற்காரணம் செயப்பாட்டுவினை. ஆங்கில அலுவல்நடையின் பழக்கத்தால் செயப்பாட்டுவினை நடுநிலையானது, எவரையும் சுட்டாதது என்னும் எண்ணம் பரவியுள்ளது. தமிழில் 'படு' சேர்ந்த வினை அவ்வாறு இயங்குவதில்லை. 'குறைக்கப்பட்டுள்ளது' என்னும் சொல்லின் அகத்தே 'குறை' என்னும் பிறவினை இருக்கிறது. பிறவினை செய்பவரை வேண்டி நிற்பது. பெயரைச் சொல்லாமல் விடுவதனால் செய்தவர் மறைவதில்லை, மறைக்கப்பட்டவராகிறார். வகுப்பில் திருத்தியவர் ஒருவரே என்றிருக்க, பெயரில்லாத அவ்வெழுவாய் நேராக அவரையே போய்த் தொடும். 'குறைக்கப்பட்டுள்ளது' என்பதற்கும் 'குறைந்துள்ளது' என்பதற்கும், 'கூட்டப்படவில்லை' என்பதற்கும் 'கூட்டலில் விடுபட்டுள்ளது' என்பதற்கும் உள்ள தொலைவு இதுவே. பின்னவை தன்வினைகள், நிகழ்ச்சியை மட்டும் சொல்லி, செய்தவரைப் பற்றிய கேள்வியையே எழுப்பாதவை.

செய்தவரை விட்டுப் பொருளின்மேல் தொழிலை ஏற்றிச் சொல்வது தமிழின் பழைய வழக்கு. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறுவதும் மரபே எனத் தொல்காப்பியம் வினையியலில் அமைதி தருகிறது. 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. மெழுகியவள் யார் என்பது அங்கே பேச்சில்லை; திண்ணை மெழுகப்பட்ட நிலையில் இருப்பதே செய்தி. 'விடுபட்டுள்ளது' என்னும் வினை இலக்கண அமைப்பால் அதனோடு முற்றும் ஒத்ததன்று. ஆயினும் எழுவாயின் இடத்தில் பொருளை நிறுத்திப் பேசும் மனப்பாங்கு ஒன்றே. மறுபார்வை மடலுக்கு வேண்டியதும் அதுவே: மதிப்பெண் விடுபட்டது, பக்கம் ஒட்டிக்கொண்டது, எண் தெளிவாக இல்லை.

இரண்டாங்காரணம் வேண்டுகோளின் செயப்படுபொருள். மடல் எதைக் கேட்கிறது? 'மதிப்பெண்களைக் கூட்டித் தருமாறு' கேட்கிறது. பார்க்குமாறு கேட்கவில்லை. முடிவை முன்கூட்டியே தீர்த்துவிட்டு அதை நிறைவேற்றுமாறு சொல்லும் தொடர் எத்தனை பணிவன்பு சேர்ந்தாலும் ஆணையாகவே நிற்கும். இங்கே 'கூட்டி' என்னும் சொல்லின் இருபொருளும் தீங்கு செய்கிறது. எண்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தல் என்பது ஒரு பொருள். இருப்பதை அதிகமாக்குதல் என்பது மற்றொன்று. 14ஆம் வினாவுக்கு முதற்பொருளே வேண்டும். மூன்று வினாக்களையும் ஒரே தொடரில் அடைத்ததனால் இரண்டாம் பொருளே மேலோங்கி, ஐயத்திற்கிடமில்லாத 2 மதிப்பெண்ணும் சலுகை கேட்பதாகத் தோன்றிவிடுகிறது. 'உழைத்துப் படித்தேன்' என்னும் வாக்கியம் அத்தோற்றத்தை உறுதிசெய்கிறது. உழைப்பு விடைத்தாளில் உள்ள சான்று அன்று; அதைக் கேட்டு மதிப்பெண் இடுபவர் மற்ற மாணவர்க்கு அநீதி செய்தவராவார்.

'தயவுசெய்து' என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். ஆங்கிலத்தில் வேண்டுகோளை மென்மையாக்கும் சொல்லின் இடத்தில் இது புகுந்துள்ளது. தமிழ்ப் பேச்சில் இச்சொல் பெரும்பாலும் பொறுமை எல்லையைத் தொடும்போதே வெளிவருகிறது. பேருந்து நடத்துநர் படியில் நிற்பவர்களிடம் சொல்லும் 'தயவுசெய்து'வில் இரப்பு சிறிதும் இல்லை. இறங்கி வேண்டுவோர் இச்சொல்லை நாடாமல் வினையின் வடிவத்தை மாற்றியே வேண்டுகிறார்கள்.

தா என்னும் துணைவினை

இரப்போரின் நிலைக்கேற்ப வினைச்சொல் மாறும் என்பதைத் தொல்காப்பியம் எச்சவியலில் வகுத்துள்ளது. ஈ என்பது தாழ்ந்தோர் உயர்ந்தோரிடம் கேட்கும் சொல். தா என்பது ஒத்தோர் தம்முள் வழங்குவது. கொடு என்பது உயர்ந்தோர் தாழ்ந்தோரிடம் கேட்பது. நன்னூலும் பொதுவியலில் இதனைப் பின்பற்றுகிறது. இன்றைய எழுத்துவழக்கில் 'ஈ' வேண்டுகோளிலிருந்து மறைந்துவிட்டது. 'தா' அவ்விடத்திற்கு நகர்ந்து, 'தருமாறு வேண்டுகிறேன்' என விண்ணப்பத்தின் நிலைத்த வாய்பாடாயிற்று. ஒத்தோர்க்குரிய சொல்லில் பணிவை ஏற்ற வேண்டியிருப்பதாலேயே விண்ணப்பங்களில் 'பணிவன்புடன்', 'தாழ்மையுடன்' போன்ற அடைகள் பெருகின என்று கருத இடமுண்டு.

துணைவினையாகும்போது 'தா' வேறொரு வேலையும் செய்கிறது. 'பார்க்குமாறு' என்றால் பார்வை தாளின்மேல் செல்கிறது. 'பார்த்துத் தருமாறு' என்றால் அச்செயலின் பயன் கேட்பவருக்கு வந்து சேர வேண்டும் என்னும் குறிப்பு ஏறுகிறது. சான்றிதழ் கேட்கும்போது அக்குறிப்பு பொருத்தமானது. வாங்கிச்செல்ல ஒரு பொருள் இருக்கிறது. மதிப்பீட்டைப் பற்றிய மடலில் அது ஆசிரியரின் தீர்ப்பைத் தனிப்பட்ட உதவியாக்கிவிடுகிறது. மறுமுனையில் 'பார்த்தருளுமாறு' என்பது கோயிற்குரிய நடை. நுண்கணிதத் தாளுக்கு மிகை. துணைவினையற்ற 'பார்க்க வேண்டுகிறேன்' என்னும் எளிய வடிவமே இவ்விரண்டினும் நேர்மையானது, அதனாலேயே பணிவானதும்கூட.

திருத்திய வடிவம்

மேற்கண்டவற்றைக் கருத்திற்கொண்டு அதே தாளுக்கு அமைக்கப்பட்ட இரண்டாம் மடல்:

"அம்மா அவர்களுக்கு வணக்கம். நேற்றுத் தாங்கள் வகுப்பில் அளித்த இரண்டாம் அகமதிப்பீட்டுத் தேர்வு விடைத்தாளை வீட்டில் முழுமையாகப் பார்த்தேன். 11ஆம் வினாவில் தொகையீட்டு மாறிலியை எழுதாமல் விட்டிருக்கிறேன், குறைந்தது சரியே. வேறு இரண்டு இடங்களைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன்.

14ஆம் வினாவின் (ஆ) பகுதி கடைசிப் பக்கத்தில் உள்ளது. அங்குள்ள 2 மதிப்பெண் முகப்புக் கூட்டலில் விடுபட்டுள்ளது. பக்கவாரியாகச் சேர்த்தால் 34 வருகிறது. முகப்பில் 32 உள்ளது.

13ஆம் வினாவில் u = cos x எனப் பிரதியிட்டு −(cos²x)/2 + C என எழுதியிருந்தேன். இதனை வகையிட்டால் sin x cos x கிடைக்கிறது. இதற்கும் வகுப்பில் கண்ட (sin²x)/2 + C என்பதற்கும் உள்ள வேறுபாடு 1/2 என்னும் மாறிலி. ஆகவே இவ்விடையும் ஏற்கத்தக்கதோ என்று எனக்குத் தோன்றுகிறது. நான் எங்கேனும் தவறியிருந்தால் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.

16ஆம் வினாவில் 9 என்னும் உறுப்பை விட்டது என் கவனக்குறைவு. அத்தகைய பிழைக்குப் பின்வரும் படிகளை எவ்வாறு எழுதியிருக்க வேண்டும் என்பதைத் தங்களுக்கு ஓய்வான நேரத்தில் கேட்டறிய விரும்புகிறேன். விடைத்தாளை இத்துடன் வைத்துள்ளேன். நன்றி. தங்கள் மாணவி."

முதல் வடிவத்தில் இருந்த அடைமொழிகள் பெரும்பாலும் இங்கே இல்லை. பணிவு வினைமுற்றுகளுக்குள் இறங்கியிருக்கிறது. கூட்டலைப் பற்றிப் பேசும்போது 'உள்ளது', 'வருகிறது' என்னும் உறுதியான முற்றுகள் வருகின்றன. எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்றை 'விடுபட்டிருக்கலாமோ' என்று இழுத்துச் சொல்வது பணிவாகாது. அது படிப்பவரை வீணாக ஐயுறச் செய்யும், சொல்பவர் எண்ணிப் பார்க்கவில்லை என்றும் காட்டிவிடும்.

13ஆம் வினாவைப் பற்றிய பத்தி நுட்பமானது. அங்கே இரண்டு வகை வாக்கியங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 'கிடைக்கிறது', 'வேறுபாடு மாறிலி' என்பவை கணிதக் கூற்றுகள். அவற்றில் தயக்கம் இல்லை. 'ஏற்கத்தக்கதோ என்று எனக்குத் தோன்றுகிறது' என்பதில் தயக்கம் முழுவதும் வந்து அமர்கிறது. ஓகார இடைச்சொல் ஐயத்தைத் தருகிறது. நான்காம் வேற்றுமை ஏற்ற 'எனக்கு' மாணவியைத் தீர்ப்புச் சொல்பவளாக நிறுத்தாமல், ஒரு தோற்றம் நிகழும் இடமாக மட்டும் வைக்கிறது. 'நான் கருதுகிறேன்' என்றிருந்தால் அவள் எழுவாயாகி எதிரே நின்றிருப்பாள். மாணவர் பலர் எழுதும்போது இவ்வரிசை மாறிவிடுவதுண்டு: கணிதத்தில் தயங்கி, தீர்ப்பில் உறுதி காட்டுவர். 'என் விடை வகையிட்டால் சரியாக வரும் என நினைக்கிறேன், எனவே முழு மதிப்பெண் வழங்க வேண்டும்' என்னும் தொடர் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையை மாணவரும், மாணவர் செய்திருக்க வேண்டிய வேலையை ஆசிரியரும் செய்யுமாறு கேட்கிறது.

11ஆம் வினாவின் பிழையை மடல் முதலிலேயே ஒப்புக்கொள்வதை வெறும் நயவுரை எனத் தள்ளிவிட முடியாது. அவ்வரி இரண்டு செய்திகளைத் தருகிறது. எழுதியவர் தனக்குச் சாதகமானவற்றை மட்டும் தேடிப் பார்க்கவில்லை என்பது ஒன்று. மாறிலியின் இன்றியமையாமையை அவர் அறிவார் என்பது மற்றொன்று. 13ஆம் வினாவின் வாதம் அவ்வறிவின்மேல்தான் நிற்கிறது. இலக்கணத்தாலும் அவ்வரி வேறுபட்டது. தன் பிழையைச் சொல்லும்போது 'விட்டிருக்கிறேன்' எனத் தன்மை எழுவாயோடு பிறவினை வருகிறது; ஆசிரியர் பக்கத்து விடுபாட்டைச் சொல்லும்போது 'விடுபட்டுள்ளது' எனத் தன்வினையாகிறது. விடு, விடுபடு என்னும் இவ்விணை மடலின் பணிவில் பெரும்பங்கைத் தாங்குகிறது எனலாம்.

16ஆம் வினாவில் மதிப்பெண் பற்றிய பேச்சே இல்லை. வலுவற்ற உரிமையைக் கேட்பது வலுவுள்ள இரண்டையும் கீழே இழுக்கும் என்பது ஒரு காரணம். பெருமமும் சிறுமமும் தலைகீழாய் நிற்கும் விடையை மீண்டும் ஆசிரியரின் கண்முன் வைத்து, இதற்குக் கூடுதலாகத் தருக என்பது அவருடைய நிதானத்தைச் சோதிப்பது. எனினும் அவ்விடத்தை முற்றும் மறைக்காமல் கற்கும் வினாவாக மாற்றியது சரியே. சில ஆசிரியர்கள் விடையின் முரண்பாட்டை மாணவர் தாமே குறித்துக்காட்டியிருந்தால் அதற்கும் மதிப்பெண் தருவதுண்டு. அதனை நேரில் அறிந்துகொள்வது அடுத்த தேர்வுக்கு உதவும்.

முடிப்புத்தொடர்

'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்பது ஆங்கில அலுவல் மடல்களின் முடிப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வந்தது. 'உண்மையுள்ள' என்பதும் அவ்வழிப்பட்டதே. கையெழுத்துக்கு மேல் இட்டு நிரப்பும் சொற்களாக அவை நிலைத்துவிட்டமையால் எவரும் அவற்றின் பொருளை எண்ணுவதில்லை. மறுபார்வை மடலில் மட்டும் அப்பொருள் விழித்துக்கொள்கிறது: இதுவரை முரண்பட்டுப் பேசிய மடல், கடைசி வரியில் கீழ்ப்படிகிறேன் என்கிறது. படிப்பவர்க்கு அது நகைப்பையோ எரிச்சலையோ தரக்கூடும். 'தங்கள் மாணவி' என்பது உறவை மட்டும் சொல்கிறது. அதன்கீழே வகுப்பு, பிரிவு, பதிவெண் ஆகியன வரவேண்டும். ஒரே பெயருடையோர் இருவர் ஒரு வகுப்பில் இருந்தால், பணிவுக்கு அடுத்தபடியாக ஆசிரியர் தேடப்போவது அவ்வெண்ணையே.